பத்துப் பத்தாக வந்த தாள்: தாயக்கட்டையும் நாணயமும் கொண்டு நடத்திய ஒரு நிகழ்தகவுப் பாடத்தின் ஆய்வு

கொழும்பில் தமிழ் மொழிமூலம் கற்கும் தரம் 10 மாணவர் முப்பது பேருக்கு நான் நடத்திய நிகழ்தகவுப் பாடம் ஒன்றை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். இருவர் இருவராகப் பதினைந்து சோடிகள். இரட்டைப் பாடவேளை ஒன்றில் தொடங்கிய பாடம், ஒரு தாயக்கட்டையின் பொருட்டு மேலும் இரண்டு நாள்களுக்கு நீண்டது. எதிர்பார்த்த எண்ணிக்கையும் எண்ணிக் கண்ட எண்ணிக்கையும் ஒத்துப்போகாதபோது பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் இந்தப் பாடத்தின் நடு என்று இப்போது எண்ணுகிறேன். பிழை எமது கணிப்பில் இருக்கலாம், எண்ணியவரிடம் இருக்கலாம், பொருளில் இருக்கலாம், அல்லது எங்குமே இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒரே வாரத்தில் நான்கையும் சந்தித்தோம்.

இரண்டு நாணயங்கள்

நாணயப் பரிசோதனையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒவ்வொரு சோடியிடமும் பொன்னிறமான பழைய 5 ரூபா நாணயம் ஒன்றும், பலகோண விளிம்புடைய 10 ரூபா நாணயம் ஒன்றும் இருந்தன. இரண்டையும் ஒன்றாகச் சுண்டினால் என்னென்ன கிடைக்கும் என்று கேட்டேன். எமது நாணயங்களில் தலை இல்லாததால், அரச சின்னம் உள்ள பக்கத்தைச் ‘சின்னம்’ என்றும் பெறுமதி பொறித்த பக்கத்தை ‘இலக்கம்’ என்றும் அழைத்தோம். இரண்டும் சின்னம், இரண்டும் இலக்கம், ஒன்றுக்கொன்று மாறி வருதல் என மூன்று பேறுகளே உள்ளன என்றும், ஆகவே ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு என்றும் வகுப்பில் பெரும்பாலோர் எழுதினார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 18 ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலம்பேர், ஒரு நாணயத்தை இரு முறை சுண்டும்போது ஒரு தலையாவது விழுவதற்கான நிகழ்தகவு நான்கில் மூன்று அல்ல, மூன்றில் இரண்டே என்று 1754 இல் எழுதினார். சமமாக நேராத மூன்று பேறுகளைச் சமமானவையாக எண்ணியதுதான் அவருடைய பிழையும்.

சோடிக்கு 40 முறை வீதம் மொத்தம் 600 முறை சுண்டினோம். இரண்டும் சின்னம் 146, இரண்டும் இலக்கம் 147, மாறி வந்தவை 307. மூன்றில் ஒரு பங்கு என்ற கணிப்பு சரியாக இருந்திருந்தால் ஒவ்வொன்றும் 200 ஐச் சூழ்ந்து நின்றிருக்க வேண்டும். நாணயங்கள் வெவ்வேறு வகையாக இருந்தது இங்கே கைகொடுத்தது. மாறி வந்த 307 இல் 5 ரூபா சின்னமாகவும் 10 ரூபா இலக்கமாகவும் விழுந்தவை 158, அதற்கு எதிர்மாறாக விழுந்தவை 149 என்று பிரித்து எழுதியவுடன், 146, 158, 149, 147 என நான்கு எண்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் பலகையில் நின்றன. சமமாக நேரக்கூடியவை அந்த நான்குமே தவிர முதலில் எழுதிய மூன்றும் அல்ல என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒரு சோடியின் 40 சுண்டல்கள் மட்டும் 13, 14, 13 என்று வந்திருந்தன. அந்தத் தாளைத் தனியே பார்த்தவர் மூன்றில் ஒரு பங்கு என்ற தவறான கணிப்பே சரியானது என்று முடிவு செய்திருப்பார். பதினைந்து சோடிகள் 40 முறை வீதம் சுண்டும்போது இப்படி ஒரு தாள் வருவதில் வியப்பில்லை. சிறிய எண்ணிக்கை தவறான கணிப்பையும் ஆதரிக்கும் என்ற எச்சரிக்கையாக அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

அறுபது எறிவுகளும் அவற்றின் பரப்பும்

அடுத்ததாகத் தாயக்கட்டை. புறக்கோட்டையில் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் கட்டைகளோடு, மாணவர்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்த லூடோ கட்டைகளும் கலந்திருந்தன. கையால் உருட்டினால் சிலர் எண்ணைப் பார்த்தபடியே மெதுவாக வைத்துவிடுவார்கள். ஆகவே காலியான யோகட் கோப்பையில் போட்டுக் குலுக்கி, மடித்த செய்தித்தாளின் மேல் கவிழ்க்கச் சொன்னேன். மேசை விளிம்பில் சாய்ந்து நின்றதையும் நிலத்தில் விழுந்ததையும் எண்ணக் கூடாது என்ற விதியை முன்கூட்டியே வகுத்தோம். விழுந்த பிறகு விதி வகுத்தால், பிடிக்காத எண் விழும்போது மட்டும் ‘அது செல்லாது’ என்று சொல்லும் ஆசை வரும்.

சோடிக்கு 60 எறிவுகள். கோடாத கட்டையாயின் ஒவ்வொரு முகத்துக்கும் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 10. இதைப் பலகையில் எழுதியதோடு, வரவுக்குறித் தாளிலும் ‘எதிர்பார்ப்பு’ என்ற நிரலை ஏற்கெனவே 10, 10, 10 என நிரப்பிக் கொடுத்திருந்தேன். அந்த நிரலால் என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எதிர்பார்ப்பு 10 என்றால் 10 விழ வேண்டும் என்று பொருளல்ல. அறுபது எறிவில் குறித்த ஒரு முகம் சரியாகப் பத்து முறை விழுவதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 14 அளவுதான். 7 முதல் 13 வரை விழுவது நூற்றுக்கு 78, 5 முதல் 15 வரை விழுவது நூற்றுக்கு 95 அளவு. இந்தப் பரப்பின் அகலத்தை அளக்கும் நியம விலகல், 60 ஐ ஆறில் ஒன்றாலும் ஆறில் ஐந்தாலும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வருவது, ஏறத்தாழ 2.9. சாதாரண தர வகுப்பில் இந்தச் சூத்திரத்தை நான் கற்பிக்கவில்லை. ‘பத்திலிருந்து மூன்று கூடினாலும் குறைந்தாலும் அது வழக்கமானது, ஆறு கூடினால் நிமிர்ந்து உட்காருங்கள்’ என்று மட்டும் சொன்னேன். கணிப்பு ஒரு புள்ளி அல்ல, புள்ளியைச் சூழ்ந்த அகலமும் அதில் அடங்கும் என்பது அவர்களுக்கு அவ்வளவிலேயே விளங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பதினைந்து தாள்களில் ஆறு முகங்கள் வீதம் வகுப்பு முழுவதும் 90 எண்கள் இருக்கின்றன. நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் ஐந்துக்குக் கீழோ பதினைந்துக்கு மேலோ போகும் எண்கள், எல்லாக் கட்டைகளும் நேர்மையாக இருந்தாலும்கூட, நான்கோ ஐந்தோ கிடைக்கும். எமக்கு ஐந்து கிடைத்தன. இத்தனை எண்களுக்கு நடுவே மிகவும் விலகிய ஒன்றைத் தேடிப் பிடித்து ‘இதோ பாருங்கள்’ என்று காட்டுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

விலகாத தாள்

நான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தது விலகிய தாளைப் பார்த்து அல்ல. ஒரு சோடியின் தாளில் ஆறு முகங்களுக்கும் 10, 10, 10, 10, 10, 10 என்று இருந்தது. வரவுக்குறிகள் ஐந்து ஐந்தாக, கட்டுக்கட்டாக, கோடு போட்டது போல் நின்றன. பக்கத்துச் சோடிகள் அதை எட்டிப் பார்த்து, இவர்கள்தான் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டினார்கள்.

கோடாத கட்டையில் அறுபது எறிவுகள் ஆறு முகங்களுக்கும் இப்படிச் சமமாகப் பங்கிடப்படுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழப் பதின்மூவாயிரத்தில் ஒன்று. நடக்கவே முடியாதது என்று சொல்ல முடியாது, ஆனால் நிமிர்ந்து உட்காரப் போதுமானது. வகுப்பு கலைந்த பிறகு அந்த இருவரையும் அழைத்து, குற்றம் சாட்டும் தொனியில்லாமல், எப்படி எறிந்தீர்கள் என்று கேட்டேன். சற்றுத் தயங்கிய பிறகு ஒருத்தி சொன்னாள்: “மிஸ், நாப்பது தரம் எறிஞ்சம். பிறகு மணி அடிக்கப் போகுது எண்டு மிச்சத்த நிரப்பினம். நீங்கதானே பத்துப் பத்தா வரும் எண்டு தாளில போட்டுத் தந்தீங்க?”

அவள் சொன்னது சரி. விடையை முதலில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே கண்டதை எழுதச் சொன்னால், கணக்குப் பாடத்தில் பத்து வருடம் பழகிய பிள்ளை விடையோடு பொருந்தத்தான் பார்ப்பாள். அவர்களுடைய தாள் பொய்யானதற்கு என்னுடைய தாளின் அமைப்பே காரணம். மறுநாள் தாளை மாற்றினேன். எதிர்பார்ப்பு நிரலை நீக்கி, அதன் இடத்தில் எறிவுகளை விழுந்த ஒழுங்கிலேயே எழுதும் கட்டங்களை வரைந்தேன். வரவுக்குறி அதன் பிறகு, எதிர்பார்ப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில், வேறொரு தாளில்.

ஒழுங்கை எழுதச் சொன்னதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. மொத்த எண்ணிக்கையைச் சோடிப்பது எளிது, ஒழுங்கைச் சோடிப்பது கடினம். இதைக் காட்டுவதற்காக, ஒவ்வொரு சோடியும் கட்டை இல்லாமல் மனத்தால் கற்பனை செய்த இருபது எறிவுகளை ஒரு வரியிலும், உண்மையாக எறிந்த இருபதை இன்னொரு வரியிலும், எது எதுவென்று சொல்லாமல் எழுதித் தரும்படி கேட்டேன். ஒரு சோடி தந்த இரண்டு வரிகள் இவை:

3 5 1 6 2 4 1 5 3 6 2 5 4 1 6 3 2 4 5 1

4 1 1 6 3 3 3 2 5 1 6 2 4 5 5 1 3 6 2 4

முதல் வரியில் எந்த எண்ணும் அடுத்தடுத்து இருமுறை வரவில்லை. இரண்டாவது வரியில் 1 இரட்டித்திருக்கிறது, 3 மும்முறை தொடர்ந்திருக்கிறது, 5 இரட்டித்திருக்கிறது. முன் எறிவில் விழுந்த எண்ணே மீண்டும் விழுவதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு எப்போதும் உண்டு. இருபது எறிவில் அப்படி ஒட்டி நிற்கும் இடங்கள் பத்தொன்பது. ஆகவே சராசரியாக மூன்று இடங்களில் இரட்டிப்பு எதிர்பார்க்கலாம், ஒன்றுகூட வராமல் இருப்பது நூற்றுக்கு மூன்று தடவைதான் நடக்கும். மனிதன் ‘எழுமாறாக’ எழுதப் புகுந்தால் இரட்டிப்பைத் தவிர்க்கிறான், கட்டைக்கு முன்பு விழுந்தது நினைவில் இல்லை. முதல் வரிதான் கற்பனை என்று சொன்னேன், சரியாக இருந்தது. நூற்றுக்கு மூன்று என்பதால் இந்த வழி சில நேரம் நேர்மையான வரியையும் குற்றம் சாட்டும் என்பதையும் உடனே சொல்லிவைத்தேன். இருபது எறிவு ஒருவரைப் பொய்யர் என்று தீர்க்கப் போதாது.

பதினெட்டு ஆறுகள்

இனி, இரண்டு நாள்களை எடுத்துக்கொண்ட கட்டை. வேறொரு சோடியின் அறுபது எறிவுகள், 1 இலிருந்து 6 வரை, 5, 9, 8, 11, 9, 18 என்று வந்தன. ஆறு பதினெட்டு முறை. கட்டை கோடியது என்று அவர்கள் உடனே தீர்ப்புச் சொன்னார்கள்.

குறித்த ஒரு முகம் பதினெட்டோ அதற்கு மேலோ விழுவதற்கான நிகழ்தகவு ஆயிரத்துக்கு ஏழு அளவு. தனியே பார்த்தால் அது மிகச் சிறியது. ஆனால் எம்மிடம் நம்பத்தக்க தாள்கள் பதினான்கு, அவற்றில் 84 எண்கள். அவற்றில் எங்கேயாவது ஒரு பதினெட்டு வருவதற்கு, எல்லாக் கட்டைகளும் நல்லவையாக இருந்தாலும், பாதிக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு இருக்கிறது. ஆறு முகங்களையும் சேர்த்துப் பார்க்கும் கை வர்க்கச் சோதனையை நான் வீட்டில் செய்து பார்த்தேன். ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கித்து 10 ஆல் வகுத்துக் கூட்டினால் 9.6 வருகிறது. நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான எல்லை ஆறு முகக் கட்டைக்கு 11.07. எல்லையைத் தாண்டவில்லை. அதாவது இந்த அறுபது எறிவுகளை மட்டும் கொண்டு கட்டையைக் குற்றவாளியாக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

இந்த இடத்தில் பலரும் செய்யும் தவறு, மேலும் எறிந்து பழைய அறுபதோடு கூட்டுவது. சந்தேகத்தைத் தந்ததே அந்த அறுபதுதான். அதையே சாட்சியாகவும் எண்ணினால் ஆறின் பக்கம் தராசு ஏற்கெனவே சாய்ந்திருக்கும். ஆகவே பழையதை ஒதுக்கி வைத்து, ‘இந்தக் கட்டையில் 6 அதிகம் விழுகிறது’ என்ற ஒரே கூற்றை முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்டு, புதிதாக 600 எறிவுகள் எறிவது என்று முடிவு செய்தோம். எத்தனை எறிவில் நிறுத்துவது என்பதையும் முன்பே தீர்மானித்தோம், விரும்பிய எண் வந்த இடத்தில் நிறுத்திவிடக் கூடாது. ஒருவர் எறிய, ஒருவர் சொல்ல, மூன்றாமவர் எழுத, இரண்டு நாள் இடைவேளைகளில் முடித்தார்கள்.

புதிய 600 இல் முகங்கள் 74, 97, 103, 96, 99, 131. எதிர்பார்ப்பு 100, நியம விலகல் ஏறத்தாழ 9. ஆறு 31 கூடுதல், அதாவது மூன்று மடங்குக்கும் மேலான விலகல். கை வர்க்கப் பெறுமானம் 16.7, எல்லையை நன்றாகத் தாண்டிவிட்டது. இம்முறை நாங்கள் தேடியது ஒரே ஒரு முகத்தைத்தான், அதுவும் எறிவதற்கு முன்பே பெயர் குறித்து. எனவே 84 எண்களில் பொறுக்கி எடுத்தது என்ற ஆட்சேபம் இதற்குப் பொருந்தாது.

எந்த வகையில் கோடியிருக்கிறது என்பதையும் எண்களே சொல்லின. தாயக்கட்டையில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7, ஆகவே 6 க்கு நேரெதிரே 1. கட்டை சற்றுத் தட்டையாக, 1 க்கும் 6 க்கும் இடைத் தூரம் குறைந்து செய்யப்பட்டிருந்தால், அந்த இரு முகங்களுமே பெரியவையாகி இரண்டும் அதிகம் விழுந்திருக்கும். இங்கே 6 கூடி 1 குறைந்திருக்கிறது. அப்படியானால் அளவில் அல்ல, நிறையில்தான் சாய்வு. 1 இன் பக்கம் பாரமாக இருந்து அது கீழே போக, 6 மேலே வருகிறது. உயரமான கண்ணாடிக் குவளையில் உப்பை இனிக் கரையாது என்னும்வரை கரைத்துக் கட்டையைப் போட்டோம். கட்டை மிதந்தது. விரலால் சுழற்றிச் சுழற்றி விட்டபோது ஒவ்வொரு முறையும் மெல்லத் தள்ளாடி, 6 மேலே தெரியும்படியே அமைந்தது. பிளாஸ்டிக் வார்க்கும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் இப்படி நேரும். கட்டையை வெட்டிப் பார்க்க மாணவர்கள் விரும்பினார்கள், நான் விடவில்லை.

உப்புநீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீரில் மிதக்கும் கட்டைக்கு மிகச் சிறிய நிறைச் சாய்வும் திரும்பப் போதும், மேசையில் மோதித் துள்ளும் கட்டையில் அதே சாய்வு எண்ணிக்கையைத் தொடாமலே போகலாம். ஆகவே நீர் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது, எண்ணிக்கை சொன்ன சாய்வுக்குக் காரணம் தேட மட்டும் உதவும்.

மிகச் சிறிய சாய்வைக் காண எத்தனை எறிவு தேவை என்பதற்கு வெல்டன் என்ற ஆங்கில உயிரியலாளர் 1894 இல் செய்த எண்ணிக்கையை வகுப்பில் காட்டினேன். பன்னிரண்டு கட்டைகளை ஒன்றாக 26,306 முறை எறிந்து, 5 அல்லது 6 விழுந்தவற்றை எண்ணினார். எதிர்பார்ப்பு மூன்றில் ஒன்று, அதாவது 0.3333. அவர் கண்டது 0.3377. கட்டைகளில் புள்ளிகளைக் குடைந்து எடுப்பதால் அதிகப் புள்ளிகள் உள்ள முகம் சற்று இலேசாகி மேலே வருகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். கை வர்க்கச் சோதனையை ஆங்கிலப் புள்ளிவிவரவியலாளர் பியர்சன் 1900 இல் வெளியிட்டபோது எடுத்தாண்ட தரவுகளில் இதுவும் ஒன்று. ஆயிரத்துக்கு நான்கு என்ற அந்த வித்தியாசம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட முகங்களை எண்ணியதால்தான் தெரிந்தது. எமது அறுபது எறிவில் அதன் நிழல்கூட விழுந்திருக்காது.

இதை மனத்தில் வைத்து, முதல் நாள் வகுப்பு முழுவதும் எறிந்த 900 எறிவுகளின் மொத்தத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அதில் 6 விழுந்தது 158. எதிர்பார்ப்பு 150, நியம விலகல் 11 அளவு. எந்தச் சந்தேகமும் எழாத எண். ‘எறிவுகள் கூடக் கூடச் சார்பு மீடிறன் கணிப்பை நெருங்கும்’ என்று நான் பல வருடங்களாகப் பதினைந்து கட்டைகளின் எண்ணிக்கைகளை ஒன்றாகக் கூட்டியே காட்டி வந்திருக்கிறேன். அந்தக் கூட்டலுக்குள் ஒரு கோடிய கட்டையும் ஒரு நிரப்பிய தாளும் சத்தமில்லாமல் மறைந்துவிட்டன. ஒரே கட்டையை மீண்டும் மீண்டும் எறிவதும் பல கட்டைகளை ஒவ்வொரு முறை எறிவதும் ஒன்றல்ல என்பதை நான் முன்பே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது தனித்தனித் தாள்களைப் பார்த்து முடிக்கும்வரை மொத்தத்தைப் பலகையில் எழுதுவதில்லை.

அந்தக் கட்டைக்கு அடையாளம் எதுவும் இடாமல் மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைத்திருக்கிறேன். 6 இன் நடுவே உள்ள சிறு கீறலை வைத்து எனக்கு மட்டும் அது தெரியும். அடுத்த வகுப்பில் அது ஒரு சோடியின் கைக்குப் போனது. புதிய தாளில், விழுந்த ஒழுங்கிலேயே, அறுபது எறிவுகளையும் கவனமாக எழுதி முடித்தார்கள். ஆறு பதினொரு முறை விழுந்திருந்தது. ‘கட்டை நல்லது’ என்று தாளின் அடியில் எழுதித் தந்துவிட்டுப் போனார்கள்.